குண்டானுக்குள் வெப்பம் வரும் வழிகள்: எது பெரியது, எது சிறியது?

வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு. கடத்தல், சலனம், கதிர்வீச்சு. பள்ளிப் பாடத்தில் இந்த மூன்றையும் விளக்க ஒரே படம்தான் பெரும்பாலும் போடப்படுகிறது: அடுப்பின் மேல் ஒரு பாத்திரம். கைப்பிடி சுடுவது கடத்தல், தண்ணீர் மேலும் கீழும் சுழல்வது சலனம், நெருப்பிலிருந்து பாத்திரத்துக்கு வருவது கதிர்வீச்சு என்று மூன்று அம்புக்குறிகள் இருக்கும்.

முதல் இரண்டும் சரி. மூன்றாவது, கேஸ் அடுப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தவறு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்று அம்புக்குறிகளும் ஒரே தடிமனில் வரையப்பட்டிருக்கும். கைப்பிடி வழியாகப் போகும் வெப்பமும் அடிப்பாகம் வழியாக ஏறும் வெப்பமும் ஏறக்குறைய சமம் என்ற எண்ணம் அதிலிருந்து பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. உண்மையில் ஒன்று இன்னொன்றைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெரியது. எது பெரியது என்று தெரிந்தால்தான் கேஸ் எங்கே வீணாகிறது, கூழ் ஏன் அடிப்பிடிக்கிறது, மூடி போட்டால் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பதெல்லாம் விளங்கும்.

எனவே ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வழிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அளவு போட்டு, வரிசைப்படுத்தலாம்.

இடம், அண்ணனூரில் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறை. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ஊர் என்பதால் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். கோடையில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரி, அறை 32 டிகிரி. அடுப்பில் 24 செ.மீ. விட்டமுள்ள அலுமினியக் குண்டான். உயரம் 12 செ.மீ., அடித்தகட்டின் தடிமன் 2 மி.மீ., எடை சுமார் 700 கிராம். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறது.

பர்னர் மணிக்குச் சுமார் 155 கிராம் எல்.பி.ஜி. எரிக்கிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். கணக்குப் போட்டால் இந்த பர்னர் நொடிக்கு 2,000 ஜூல், அதாவது 2,000 வாட் தருகிறது.

அதில் தண்ணீருக்கு எவ்வளவு போகிறது?

இதைக் கடிகாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற சுமார் 586 கிலோஜூல் வேண்டும். குண்டான் தானே சூடாக இன்னும் 44. மொத்தம் 630. மூடி போட்ட குண்டான் எட்டரை நிமிடத்தில் கொதித்தால், அந்த 630 கிலோஜூலை ஏறக்குறைய 500 நொடிகளால் வகுத்தால் போதும். விடை 1,250 வாட் சொச்சம்.

ஆக 2,000 வாட்டில் 1,250 உள்ளே போகிறது. மீதி 750 வெளியே. இது 62 சதவீதத் திறன். (வீட்டு எல்.பி.ஜி. அடுப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4246 கேட்பது குறைந்தது 68 சதவீதம். ஆனால் அது சோதனைக் கூடத்தில், பர்னருக்கு ஏற்ற அளவுப் பாத்திரத்தை வைத்து, காற்று அடிக்காமல் பார்க்கப்படும் எண். வீட்டில் கொஞ்சம் குறைவது இயல்பு.)

இந்த 1,250 வாட் எந்த வழியில் வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

தீக்கும் குண்டானின் அடிக்கும் இடையே இரண்டு வழிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று, எரிந்து சூடான வாயு மேலே பாய்ந்து, அடியில் மோதி, விளிம்பை நோக்கிப் பரவிக்கொண்டே தன் வெப்பத்தை இறக்கிவைப்பது. இது சலனம். இன்னொன்று, தீயே ஒளி போல வெப்பத்தை வீசுவது. இது கதிர்வீச்சு.

கேஸ் அடுப்பின் தீ நீலமாக இருக்கிறது. அந்த நீலமே ஒரு செய்தி. வெப்பத்தை நன்றாக வீசுவது கெட்டியான பொருள்கள்: கனலும் கரி, மஞ்சள் தீக்குள் மிதக்கும் கரித்துகள். நீலத் தீயில் அவை கிட்டத்தட்ட இல்லை. அதில் இருப்பது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் நைட்ரஜனும். நைட்ரஜன் ஏறக்குறைய எதையும் வீசுவதில்லை. மற்ற இரண்டும் சில அலைநீளங்களில் மட்டும் வீசும். அதுவும் அடுக்கு தடிமனாக இருந்தால்தான் நிறைய வீசும். குண்டானுக்கும் பர்னருக்கும் இடையே இருப்பதோ இரண்டு மூன்று செ.மீ. வாயு.

கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வளவு மெல்லிய வாயு அடுக்கு, அதே சூட்டிலுள்ள கரிக்கட்டை வீசுவதில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் வீசுகிறது. இந்தக் குண்டானின் அடிக்கு வந்து விழுவது ஏறக்குறைய 200 வாட். விழுவது எல்லாம் உள்ளே போவதும் இல்லை. பளபளப்பான அலுமினியம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புதுக் குண்டானென்றால் 30, 40 வாட் தேறும். அடி கறுத்துப் போன பழைய குண்டானென்றால் 150 வாட்டைத் தாண்டும். நடுத்தரமாக 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

மீதி 1,150 வாட்டும் சலனம்.

பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் சுடுவாயு நேராக வந்து மோதுவதால் கிடைக்கிறது. பாடப் படத்தின் மூன்றாவது அம்புக்குறி இங்கேதான் தவறுகிறது.

இதைக் கையாலேயே உணரலாம். கேஸ் அடுப்பு எரியும்போது தீக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினால் லேசான இதம்தான் தெரியும். அதே தீக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில்கூடக் கையை வைத்திருக்க முடியாது. பக்கவாட்டில் வருவது கதிர்வீச்சு மட்டும். மேலே வருவதில் சுடுவாயுவும் சேர்ந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவு.

இப்போது தெருமுனை இஸ்திரி வண்டியில் கனன்றுகொண்டிருக்கும் கரிக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்றால் முகமே காயும். சுமார் 900 டிகிரியில் கனலும் கரி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வாட் வீசுகிறது. மேலே சொன்ன வாயு அடுக்கு வீசுவது ஐயாயிரத்துக்குள். எனவே கரி அடுப்பில் வரிசை தலைகீழாகி, கதிர்வீச்சு முதலிடத்துக்கு வந்துவிடும். பாடப் படம் கரி அடுப்புக்குப் பொருந்தும். அடுப்பு மாறிவிட்டது, படம் மாறவில்லை.

அடுத்தது குண்டானின் அடித்தகடு. இங்கே கடத்தல். 2 மி.மீ. அலுமினியத்தைத் தாண்டித்தான் வெப்பம் தண்ணீரை எட்ட வேண்டும். அதற்கப்புறம் தண்ணீருக்குள் மறுபடியும் சலனம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி தவறாகக் கேட்கப்படுகிறது: “தகட்டில் நடக்கும் கடத்தல் பெரியதா, தண்ணீரில் நடக்கும் சலனம் பெரியதா?”

இரண்டிலும் போவது அதே 1,250 வாட்தான். தகடு எதையும் தனக்கென வைத்துக்கொள்வதில்லை (சூடாகும்போது எடுக்கும் சிறு பங்கைத் தவிர). வாயு, தகடு, தண்ணீர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் கட்டங்கள். ஒரே சாலையில் ரயில்வே கேட்டும் அதற்கப்புறம் அகலமான ரோடும் இருந்தால், ஒரு மணி நேரத்தில் கேட்டைக் கடக்கும் வண்டிகளும் ரோட்டில் ஓடும் வண்டிகளும் ஒரே எண்ணிக்கைதான். நெரிசல் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் வண்டிகள் எங்கே வரிசை கட்டி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். வெப்பத்தில் அந்த வரிசைதான் வெப்பநிலை வித்தியாசம்.

ஆகவே விதி இரண்டு.

பக்கம் பக்கமாக இருக்கும் வழிகளை வாட்டில் வரிசைப்படுத்த வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் கட்டங்களை, ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதால் வரிசைப்படுத்த வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வெப்பப் பாதை பற்றிய பதில்கள் பெரும்பாலும் பிழையாகின்றன.

சரி, டிகிரிகளைப் பார்க்கலாம். அடியின் பரப்பு சுமார் 0.045 சதுர மீட்டர். 1,250 வாட்டை அதால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 28,000 வாட்.

அலுமினியத்தில்: பாத்திர அலுமினியத்தின் கடத்தும் எண் சுமார் 200. தடிமன் 2 மி.மீ. பெருக்கி வகுத்தால் தகட்டின் கீழ்ப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் வித்தியாசம் 0.3 டிகிரி. ஒரு டிகிரிகூட இல்லை!

தண்ணீரில்: கொதிக்கும் முன்பு தகட்டுக்கும் தண்ணீருக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் இருக்கும். கொதிக்கத் தொடங்கியதும் குமிழிகள் தண்ணீரைக் கிளறிவிடுவதால் அது பத்து டிகிரிக்கு வந்துவிடும்.

வாயுவில்: அடிக்குக் கீழே ஓடும் வாயுவின் சராசரி சூடு ஏறக்குறைய 1,000 டிகிரி. தகடு 100ஐச் சற்றுத் தாண்டியிருக்கிறது. இறக்கம் 900.

மொத்த இறக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வாயுவிலேயே முடிந்துவிடுகிறது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் அதுவும் தகட்டை ஒட்டியிருக்கும் சில மி.மீ. தடிமனுள்ள, மெதுவாக நகரும் வாயுப் படலத்தில். கேட் அங்கேதான் மூடியிருக்கிறது.

இந்த ஒரு முடிவிலிருந்து பல விஷயங்கள் தெளிவாகின்றன.

அலுமினியத்துக்குப் பதில் எவர்சில்வர் வைத்தால்? எவர்சில்வரின் கடத்தும் எண் 16 தான், அலுமினியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1 மி.மீ. தகட்டில் இறக்கம் 1.7 டிகிரி. 0.3 எங்கே 1.7 எங்கே என்று தோன்றலாம். ஆனால் 900க்குப் பக்கத்தில் இரண்டுமே ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் கொதிக்க வைக்க, ஒரே அளவுள்ள அலுமினியக் குண்டானும் எவர்சில்வர்க் குண்டானும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். “செம்பு அடி போட்டது, சீக்கிரம் கொதிக்கும்” என்று சொல்லி விற்கப்படும் பாத்திரம் தண்ணீர் கொதிக்கும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் குண்டானின் உள்ளே வெள்ளையாகப் படியும் உப்புப் பாறையும் அப்படித்தான். 1 மி.மீ. படிந்தால் 25, 30 டிகிரி இறக்கம் கூடும். 900க்கு அது மூன்று சதவீதம். கேஸ் செலவு கூடுகிறதுதான், ஆனால் கொஞ்சம்தான். (பாறையைச் சுரண்டி எடுக்க வேறு காரணங்கள் உண்டு. கேஸ் மிச்சம் பெரிய காரணமல்ல.)

தகடு தண்ணீரைவிடப் பத்து டிகிரிதான் கூடுதல் சூடு என்பதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடுப்பைச் சட்டென்று அணைக்க வேண்டும். அலுமினியக் குண்டானில் கொதி உடனே அடங்கிவிடும். ஓரிரு நொடிதான். 1,000 டிகிரி தீக்கு மேல் உட்கார்ந்திருந்த தகடு உண்மையிலேயே முந்நூறு, நானூறு டிகிரியில் இருந்திருந்தால், தீ போன பிறகும் அது சேமித்து வைத்த வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. சேமிப்பு அவ்வளவு குறைவு. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கக்கூடப் போதாது.

தோசைக்கல்லை அணைத்த பிறகும் அடுத்த தோசை ஓரளவு வேகிறதே என்றால், அங்கே தகட்டைக் குளிரவைக்கத் தண்ணீர் இல்லை. இரும்புக் கல் 200 டிகிரியைத் தாண்டி ஏறிவிடுகிறது, கனமாகவும் இருக்கிறது. தகட்டின் சூட்டை முடிவு செய்வது கீழே இருக்கும் தீ மட்டுமல்ல. மேலே வெப்பத்தை யார், எவ்வளவு வேகமாக எடுத்துச் செல்கிறார்கள் என்பதும்தான்.

இதே காரணத்தால்தான் கூழ் அடிப்பிடிக்கிறது.

தண்ணீருக்குள் சலனம் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடுப்பில் வைத்த இரண்டாவது நிமிடத்தில் குனிந்து பார்த்தால், அடியிலிருந்து கண்ணாடி நூல் போல நெளிநெளியாகக் கோடுகள் மேலே ஏறுவது தெரியும். சூடான தண்ணீர் லேசாகி மேலே வருகிறது, ஆறினது கீழே இறங்குகிறது. அப்புறம் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அவை கொதி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அதற்கும் பிறகு குண்டான் “உய்ய்ய்” என்று முனகும். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகள் மேலே வரும் வழியில், இன்னும் ஆறியிருக்கும் தண்ணீரில் பட்டு நசுங்கும் ஓசை அது. ஓசை அடங்கித் தளதளப்பு வந்தால் முழுத் தண்ணீரும் 100ஐத் தொட்டுவிட்டது என்று பொருள்.

இப்போது தண்ணீருக்குப் பதில் கேழ்வரகுக் கூழ். மாவு வெந்து கெட்டியானதும் இந்தச் சுழற்சி நின்றுபோகிறது. சலனம் இல்லை, மிச்சமிருப்பது கூழுக்குள் கடத்தல் மட்டும். தண்ணீரின் கடத்தும் எண் வெறும் 0.6. கூழும் ஏறக்குறைய அதே. அதே 28,000 வாட் பாய்ச்சலில், அசையாமல் கிடக்கும் 1 மி.மீ. கூழில் சுமார் 45 டிகிரி இறங்க வேண்டும். 2 மி.மீ. என்றால் 90 டிகிரி. மேலே கூழ் 100 டிகிரியில் இருக்கும்போதே, 2 மி.மீ. கீழே தகட்டில் ஒட்டியிருப்பது 190ஐ நெருங்குகிறது. மாவு கருக அது போதும். கருகியது இன்னும் ஒட்டும், ஒட்டியது இன்னும் கருகும்.

கரண்டியால் அடிவரை கிளறுவது என்பது, நின்றுபோன சலனத்தைக் கையால் நடத்திக்கொடுப்பது. தீயைச் சிம்மில் வைப்பது பாய்ச்சலையே குறைப்பது. பாய்ச்சல் கால்வாசியானால் அந்த 90 டிகிரியும் இருபதுக்குச் சற்று மேலே வந்துவிடும். இரண்டில் ஒன்றாவது நடக்க வேண்டும்.

பாத்திரத்தின் உலோகம் முக்கியமாவதும் இங்கேதான். தண்ணீரில் வித்தியாசம் தராத எவர்சில்வர், கூழிலும் பாலிலும் தருகிறது. காரணம் மேல்நோக்கிய கடத்தல் அல்ல, பக்கவாட்டுக் கடத்தல். பர்னரின் தீ வளையமாக எரிகிறது. வளையத்துக்கு நேர்மேலே வெப்பம் அதிகமாக மோதுகிறது. தடித்த அலுமினியமும் செம்பு அடியும் அதைப் பக்கவாட்டில் பரப்பிவிடும். மெல்லிய எவர்சில்வரால் முடியாது. அதனால்தான் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் அடிப்பிடித்த பாலைக் கவிழ்த்துப் பார்த்தால் கறை வளையமாக இருக்கும், பர்னரின் அதே விட்டத்தில். தீயின் வடிவம் தகட்டில் பதிந்துபோயிருக்கும்.

உள்ளே வரும் வழிகள் முடிந்தன. இனி வெளியே போகும் வழிகள். இவையெல்லாம் பக்கம் பக்கமாக இருப்பவை. எனவே வாட்டில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது, குண்டானுக்குள் நுழையாமலே போகும் 750 வாட். அடியில் மோதிய வாயு தன் வெப்பம் முழுவதையும் இறக்கிவைக்க நேரமில்லாமல், சில நூறு டிகிரி சூட்டோடு விளிம்பைச் சுற்றி மேலே ஏறிவிடுகிறது. (ஒரு சிறு பங்கு தீயிலிருந்தும் பர்னரிலிருந்தும் பக்கவாட்டில் வீசப்பட்டுப் போகிறது.) தீயைக் கூட்டி, நாக்குகள் குண்டானின் பக்கத்தை நக்கும்படி வைத்தால் இந்த இழப்புதான் கூடுகிறது. கொதி கொஞ்சம் முந்தும், கேஸ் அதைவிட அதிகமாகத் தீரும். மின்விசிறிக் காற்று தீயைச் சாய்த்தாலும் அதுவே நடக்கும்.

அடுத்த பெரிய இழப்பு, மூடி இல்லாதபோது ஆவி. தண்ணீர் 95 டிகிரியை நெருங்கும்போது, இந்தக் குண்டானின் திறந்த வாயிலிருந்து ஆவியாகப் போவது 300 முதல் 500 வாட் வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் ஆவியும் 2,260 ஜூல் சுமந்து செல்கிறது. இது மூன்று வழிகளில் எதிலும் நேராக அடங்காது. ஆவியைத் தூக்கிச் செல்வது காற்றின் சலனம். சுமை ஆவியாகும் வெப்பம். பாடப் படத்தில் இதற்கு அம்புக்குறியே இல்லை. இழப்புகளில் இது இரண்டாவது இடம்!

பக்கச் சுவர் அதற்கப்புறம் வருகிறது. பெரிய தீயில் சுவரையொட்டிச் சுடுவாயுவே ஏறுவதால் சுவர் வெப்பத்தை இழப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. சிம்மில் வைத்தால்தான் இழப்பு தெரியும். சுவரின் பரப்பு 0.09 சதுர மீட்டர், சூடு 95 டிகிரிக்கு மேல். அறைக் காற்றுக்குச் சலனத்தால் போவது சுமார் 35 வாட். கதிர்வீச்சால் போவது, பளபளப்பான அலுமினியத்தில், வெறும் 5 வாட். அதே குண்டான் வெளியே கறுத்திருந்தால் 45 வாட். சலனத்தை அது முந்திவிடும்.

கவனிக்க வேண்டியது இது: கரி பிடித்த அடி வெப்பத்தை வாங்க உதவுகிறது, கரி பிடித்த பக்கச் சுவர் வெப்பத்தை விட உதவுகிறது. அடியை அப்படியே விட்டுப் பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்ப்பது வெப்பக் கணக்குப்படி சரியான வேலை.

கடைசியாக, கைப்பிடி. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ரிவெட் அடித்த பட்டைப் பிடி, 2 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன், 10 செ.மீ. நீளம் என்றால் அதன் வழியாகப் போவது ஏறக்குறைய ஒரு வாட்தான். அலுமினியக் காது என்றால் ஐந்தாறு வாட். ஆனாலும் கை சுடுகிறது. கரித்துணியோ இடுக்கியோ இல்லாமல் தொட முடிவதில்லை. சுடுவது என்பது வெப்பநிலையின் விளைவு. எவ்வளவு வெப்பம் போகிறது என்பதற்கு அது அளவுகோல் அல்ல. கைக்கு மிகவும் தெரிகிற வழிதான் கணக்கில் மிகச் சிறிய வழி. பாடப் படத்தில் அதற்கும் மற்றவற்றுக்குச் சமமான அம்புக்குறி கிடைத்தது கை உணர்வை நம்பியதால்தான்.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தால்:

சுடுவாயுவிலிருந்து அடிக்கு, சலனம்: 1,150 வாட்.
விளிம்பைச் சுற்றி நழுவிப்போகும் சுடுவாயு: ஏறக்குறைய 750.
திறந்த வாயிலிருந்து ஆவி (மூடி இல்லையென்றால்): 300 முதல் 500.
தீயிலிருந்து அடிக்கு, கதிர்வீச்சு: சுமார் 100.
சுவரிலிருந்து காற்றுக்கு, சலனம்: 35.
சுவரிலிருந்து கதிர்வீச்சு: பளபளப்பில் 5, கறுப்பில் 45.
கைப்பிடி, கடத்தல்: ஒரு வாட் முதல் ஐந்தாறு வரை.

அடித்தகட்டின் கடத்தல் இந்த வரிசையில் இல்லை. அது தனி வழியல்ல. முதல் வழியும் நான்காவது வழியும் சேர்ந்து கடக்கும் கட்டம். அதன் இடம் டிகிரிப் பட்டியலில், 0.3 டிகிரியோடு, கடைசியில்.

இந்த எண்கள் இந்தக் குண்டானுக்கும் இந்தத் தீக்கும் உரியவை. சின்ன டம்ளரை அதே பர்னரில் வைத்தால் 1,150 சுருங்கி 750 பெருகும். இண்டக்‌ஷன் அடுப்பில் வெப்பம் தகட்டுக்குள்ளேயே பிறப்பதால் 900 டிகிரி இறக்கமும் நழுவும் வாயுவும் சேர்ந்தே மறைந்துவிடும் (சாதாரண இண்டக்‌ஷனில் வெறும் அலுமினியக் குண்டான் சூடேறாது என்பது வேறு விஷயம்). எண்கள் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது. முதலில் எது பக்கம் பக்கமாக, எது ஒன்றன்பின் ஒன்றாக என்று பிரிக்க வேண்டும். அப்புறம் முன்னதை வாட்டிலும் பின்னதை டிகிரியிலும் அளக்க வேண்டும்.

கேஸ் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பாத்திரத்தின் உலோகத்தை மாற்றுவதற்கு முன் இரண்டு காரியம் செய்தால் போதும்: தீ அடியைத் தாண்டி வெளியே வராதபடி குறைப்பது, மூடியைப் போடுவது. வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் அவைதான்.